மூன்று பணியாரமும் ஒரு சிரிப்பும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 5.20-க்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவர் கோவில்பட்டியில் தனியாக இருக்கும் அம்மா. திண்ணையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் மூன்று குழிப்பணியாரம். தட்டுக்குப் பின்னால் பாதி திறந்த வாசல் கேட். படத்துக்குக் கீழே எழுத்து எதுவும் இல்லை. 🙂 மட்டும் இருந்தது.

ஐந்து நிமிடத்தில் பெங்களூரிலிருந்து தம்பி தனியாக எனக்கு எழுதினான். "அம்மா கோபமா இருக்காங்க. தீபாவளிக்கு யாரும் போகலைல, அதைக் குத்திக் காட்டுறாங்க. அந்தச் சிரிப்பைப் பாரு." கல்லூரியில் படிக்கும் என் மகளும் அவன் பக்கம்தான். "சித்தப்பா சொல்றது கரெக்ட்ப்பா. இந்தச் சிரிப்பை யாரும் சந்தோஷத்துல போட மாட்டாங்க" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஏன் தோன்றவில்லை என்று உடனே சொல்லவும் தெரியவில்லை. அன்று உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். படமும் எமோஜியும் மட்டுமாக வரும் செய்தி இப்போது எல்லார் வீட்டுக்கும் வருகிறது. அதைத் தப்பாகப் படித்து மனஸ்தாபத்தில் முடிந்த கதைகளையும் நிறையக் கேட்கிறேன்.

முதலில் அந்தச் சிரிப்பையே எடுத்துக்கொள்வோம். 🙂 என்பதற்கு யூனிகோட் பட்டியலில் உள்ள பெயரின் பொருள் 'லேசாகச் சிரிக்கும் முகம்'. 2014-இல்தான் அது பட்டியலில் ஏறியது. கண் சிரிக்காமல் வாய் மட்டும் சற்று வளைந்த முகம். என் மகளின் வயதுப் பிள்ளைகள் அதில் கவனிப்பது சிரிக்காத அந்தக் கண்ணை. 'பரவாயில்லை, நீ செய்தது நல்லாவே இருக்கு' என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதற்கு அவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். அம்மா பார்ப்பது வளைந்த வாயை. அவருக்கு அது சிரிப்பு, அவ்வளவுதான். இரண்டு வாசிப்பும் அந்தந்தக் கூட்டத்துக்குள் சரியானவை. ஒரு கூட்டத்தின் அகராதியை வைத்து இன்னொரு கூட்டத்தைப் படிக்கும்போதுதான் வம்பு வருகிறது.

இதில் தொழில்நுட்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஃபோட்டோ நம் கைக்கு வரும்போது கொஞ்சம் தரம் குறைந்தாலும் அனுப்பியவர் எடுத்த அதே காட்சியாகவே வருகிறது. எமோஜி அப்படி வருவதில்லை. போனிலிருந்து போவது ஒரு எண் மட்டுமே. இந்தச் சிரிப்புக்கு அந்த எண் U+1F642. அதைப் பெறும் போனோ செயலியோ தன்னிடம் இருக்கும் முகத்தைப் போட்டுக் காட்டும். 2016-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பல் தெரியச் சிரிக்கும் ஒரு முகம் மற்ற நிறுவனங்களின் போன்களில் மகிழ்ச்சியாகத் தெரிந்தது. அன்றைய ஆப்பிள் போனில் அதுவே வலியில் பல்லைக் கடிப்பதுபோல் இருந்தது. பிறகு ஆப்பிள் அதை மாற்றி வரைந்தது. எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் பட்டது வேறொன்று. எல்லாருக்கும் ஒரே வரைபடத்தைக் காட்டியபோதும், அது நல்ல உணர்வா, கெட்ட உணர்வா, இரண்டும் இல்லையா என்பதில் சுமார் நான்கில் ஒரு தடவை பார்த்தவர்கள் ஒத்துப்போகவில்லை. வரைபடங்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டாலும் குழப்பம் தீராது என்றுதானே அர்த்தம்?

அப்படியானால் எதை வைத்துப் படிப்பது? சினிமாக்காரர்களுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. சுமார் 1920-இல் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், மொஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்து, அதே துண்டை மூன்று காட்சிகளோடு ஒட்டினார். ஒன்றில் சூப் கிண்ணம், ஒன்றில் சவப்பெட்டி, ஒன்றில் விளையாடும் சிறுமி. பார்த்தவர்கள் அந்த முகத்தில் முறையே ஆழ்ந்த யோசனையையும் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் கண்டு, என்ன நடிப்பு என்று வியந்ததாக அவருடன் வேலை செய்த புதோவ்கின் எழுதியிருக்கிறார். முகம் மாறவே இல்லை, பக்கத்தில் இருந்த படம்தான் மாறியது. நம் செய்தியில் எமோஜிதான் மொஸ்ஜூகினின் முகம். 🙂, 🙏, 👍 போன்ற மங்கலான குறிகளுக்குச் சொந்தமாகப் பெரிய பொருள் கிடையாது. படம் கொடுப்பதை அவை வாங்கிக்கொள்ளும். பூஜை அறைப் படத்துக்குக் கீழே வந்தால் 🙏 கும்பிடு. உடைந்த குழாயின் படத்தை வீட்டுக்காரருக்கு அனுப்பினால் அதே 🙏 'தயவுசெய்து ஆள் அனுப்புங்க'. மாலை போட்ட படத்தின் கீழே அஞ்சலி.

அழுத்தமான குறிகளின் சங்கதி வேறு. கண்ணீர் வரச் சிரிக்கும் 😂, கோபத்தில் சிவந்த முகம் இவையெல்லாம் தாங்களே பேசும். அவை படத்தோடு ஒத்துப்போனால் சிக்கல் இல்லை. முரண்பட்டால் நின்று பார்க்க வேண்டும். துக்க வீட்டுப் படத்துக்குக் கீழே 😂 வந்தால் கேலி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அனுப்பியவர் அந்தக் கண்ணீரை மட்டும் பார்த்து அழுகை என்று நினைத்திருப்பாரோ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வயதான பலர் அப்படித்தான் போடுகிறார்கள். குறி சிறியது, எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கும் போனிலும் அவர்களுக்குக் கண்ணீர்தான் தெரிகிறது.

முரண்பாடு கேலியே என்றாலும் யாரைக் கேலி செய்கிறது என்ற கேள்வி மிஞ்சும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கே இந்தக் கேள்வி 2018-இல் வந்தது. பொதுத்துறைத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில், பெண் அதிகாரி ஒருவர் வாடிக்கையாளர் குறைபாடு பற்றிய வீடியோ ஒன்றைப் போட்டார். உடன் பணிபுரிந்தவர்கள் அதற்குக் கண்ணீர் வரச் சிரிக்கும் எமோஜியைப் போட்டார்கள். தன்னை இழிவுபடுத்தவே போட்டார்கள் என்று அவர் கொடுத்த புகாரில் வழக்குப் பதிவானது. ஒரு விஷயத்தைப் பற்றிய தன் உணர்வைக் காட்டவே ஒருவர் எமோஜி போடுகிறார், இங்கே அது வீடியோவைப் பற்றிய கருத்தாகவே கொள்ளத்தக்கது என்று நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. சட்டப்படி அது முடிந்துவிட்டது. ஆனால் அந்த அதிகாரியின் இடத்தில் இருந்து பார்த்தால் அவர் கலங்கியதும் எனக்குப் புரிகிறது. எமோஜிக்கு எழுவாய் மட்டும் உண்டு, செயப்படுபொருள் இல்லை. சிரிக்கிறேன் என்று சொல்லும், எதைப் பார்த்து என்று சொல்லாது. அந்த இடைவெளியைப் படிப்பவர் தன் பயத்தாலோ தன் நம்பிக்கையாலோ நிரப்பிக்கொள்கிறார்.

அந்த இடைவெளியை நிரப்ப நம்மிடம் இருப்பதில் மிக நம்பகமானது அனுப்பியவரின் பழைய வழக்கம். கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணத்தில் 2021-இல் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படம் எடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதிப்படுத்தச் சொன்னது. அவர் 👍 மட்டும் பதிலாக அனுப்பினார். விதை வந்து சேரவில்லை. 'படம் கிடைத்தது என்றுதான் சொன்னேன், சம்மதம் என்று சொல்லவில்லை' என்றார் விவசாயி. அவர்களுடைய பழைய செய்திகளை நீதிபதி பார்த்தார். இதற்கு முன்பும் இப்படியே ஒப்பந்தப் படம் வந்திருக்கிறது, 'சரி', 'ஆமாம்' என்ற ஒரு சொல் பதிலோடு சரக்கும் போயிருக்கிறது. கட்டைவிரல் அந்தச் சொற்களின் இடத்தில்தான் வந்திருக்கிறது என்று 2023-இல் தீர்ப்பானது. விவசாயி 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று.

நானும் குரூப்பில் மேலே போய் அம்மாவின் ஒரு மாதப் படங்களைப் பார்த்தேன். பதினான்கு படம். கரண்ட் பில், செம்பருத்தி, புதிதாக மாற்றிய மூக்குக் கண்ணாடி, தெருவில் தோண்டிய பள்ளம். பதினொன்றில் இதே 🙂. பள்ளத்துக்கும் பூவுக்கும் ஒரே சிரிப்பு போடுகிறவரிடம் அந்தச் சிரிப்பு உணர்வைச் சொல்லவில்லை. கடிதத்தின் கீழே 'இப்படிக்கு அம்மா' என்று எழுதுவதுபோல அது ஒரு கையெழுத்து. தம்பியின் வாசிப்பு அங்கேயே விழுந்துவிட்டது. கோபம் அதில் இல்லை. ஆனால் சந்தோஷமும் அதில் இல்லை. எமோஜியைக் கழித்துவிட்டு, படத்திடம் போக வேண்டியதுதான்.

படத்தைப் பெரிதாக்கினேன். மூன்று பணியாரத்தில் ஒன்று அடி ஒட்டி, தோல் கிழிந்து, பாதி குழியிலேயே தங்கிவிட்டது போலிருந்தது. இன்னொன்று ஒரு பக்கம் கரிந்திருந்தது. அம்மா நாற்பது வருடமாகப் பணியாரம் சுடுகிறார். பழகிய கல்லில் அவர் கையால் ஒன்றுகூட ஒட்டி நான் பார்த்ததில்லை. தவிர, அம்மா தின்பது அடுக்களையில்தான், திண்ணைக்குத் தட்டு வருவது யாராவது வந்தால் மட்டும். அப்போதுதான் கேட் பக்கம் கிடந்த ஒரு ஜோடி சின்னச் செருப்பைக் கவனித்தேன். சிவப்பு நிறம், பட்டையில் பூ.

தம்பிக்கு எழுதினேன்: "இது அம்மா சுட்டது இல்லடா." அவன் விடவில்லை. "கரிஞ்சதைத்தான் தனியா உக்காந்து தின்னுறேன்னு காட்டுறாங்க" என்றான். என்ன செய்ய, அவனுக்குப் போகாத குற்ற உணர்வு. இப்படி மாறி மாறி எழுதிக்கொண்டிருந்ததில் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. படத்தைப் பார்த்ததற்கான நீல டிக் மட்டும் அம்மாவுக்குப் போயிருந்தது. குரூப்பில் ஒருவரும் ஒரு வார்த்தை போடவில்லை. யார் சுட்டது என்று படம் சொல்லிவிட்டது. எதற்கு அனுப்பினார், என்ன பதில் வேண்டும் என்பதைச் சொல்ல அதனாலும் முடியவில்லை. அதற்கு மேல் போனைத் தேய்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எய்யா, பார்த்தீங்களா இல்லையா? எதுத்த வீட்டுப் புள்ள சுட்டுச்சு. இன்னைக்குத்தான் முதமுதல்ல கல்லு வச்சுருக்கா. மாமாங்க எல்லாம் மெட்ராஸ்ல இருக்காக, அனுப்புங்க ஆச்சின்னு அவதான் எடுக்கச் சொன்னா. சரி, நல்லாருக்குன்னு நாலு பேரு சொல்லுவீகன்னு அனுப்புனேன்."

"இருக்காளா அங்க?"

"இப்பத்தான் எந்திரிச்சுப் போனா. இவ்வளவு நேரம் போனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா."

நான் குரூப்பைத் திறந்து, பணியாரம் பிரமாதம், சுட்டவளிடம் காட்டுங்கள் என்று முழு வாக்கியமாக எழுதினேன். தம்பியையும் எழுத வைத்தேன். ராத்திரி எட்டரைக்கு அம்மாவிடமிருந்து இன்னொரு படம் வந்தது. காலியான அதே தட்டு, ஓரத்தில் ஒரு சின்னக் கை. கீழே வழக்கமான 🙂. அதற்குப் பக்கத்தில் அம்மா இதுவரை போட்டே இராத ஏழு இதயங்கள், ஏழும் ஏழு நிறத்தில்.