ஒரே போல எழும் இரண்டு கோடுகள்

பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் பக்கம் ஒன்றை யாரோ செல்போனில் படமெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓரம் வெட்டுப்பட்டதில் சமன்பாடு போய்விட்டது. மிஞ்சியது கட்டங்களும், கீழே படுத்துக் கிடந்து வலப்பக்கம் விறுவிறுவென்று எழும் ஒரு வளைவரையும்தான். அது பரவளையத்தின் பாதியா, அடுக்குக்குறிச் சார்பா?

இடப்பக்கமும் படத்தில் இருந்தால் கவலையில்லை. பரவளையம் அங்கே மறுபடி மேலேறும். அடுக்குக்குறிச் சார்பு அச்சை ஒட்டியே ஓடும். வலப்பாதி மட்டும் கிடைத்தால்தான் வம்பு. y = x², y = 2ˣ இரண்டுமே x = 2 வரும்போது 4, x = 4 வரும்போது 16. நடுவில் x = 3-இல் முதலாவது 9, அடுத்தது 8. ஒரு கட்டத்துக்கு 5 அலகு என்று வரைந்த படத்தில் இது கால் கட்டம்கூட வராது.

கண்ணை நம்பாமல் கட்டங்களை எண்ணுவதே வழி. x ஒவ்வொரு அலகு நகரும்போதும் கோடு எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். x² என்றால் ஏற்றம் 1, 3, 5, 7. ஒவ்வொரு தடவையும் 2 கூடுகிறது. 2ˣ என்றால் 1, 2, 4, 8. ஒவ்வொரு தடவையும் இரட்டிக்கிறது. ஏற்றம் சமமாகக் கூடினால் பரவளையம், சமமாகப் பெருகினால் அடுக்குக்குறி. உயரத்தை விட்டுவிட்டு ஏற்றத்தைப் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு: x அச்சே வெட்டுப்பட்டுப் போயிருந்தாலும் கணக்கு மாறாது. கீழ்முனையில் ஏற்றம் சிறியது என்பதால் அரைக் கட்டப் பிழையே விடையைக் கவிழ்த்துவிடும். செங்குத்தான பகுதியில் எண்ணுவது நல்லது.

செல்போன் திரையில் அளவுகோலை வைத்து அளப்பது வீண்வேலை. போனைச் சாய்த்துப் பிடித்திருந்தால் தூரத்துக் கட்டங்கள் சுருங்கிவிடும், வளைவரையும் கூடவே சுருங்கும். இரண்டும் சேர்ந்தே கோணுவதால் எண்ணிக்கை மட்டும் கெடுவதில்லை. புத்தகத்தின் தையல் ஓரத்தில் பக்கம் புடைத்திருந்தாலும் அப்படித்தான்.

சைன் வளைவரையின் ஒற்றை மேடும் கவிழ்த்த பரவளையம் போலவே தோன்றும். உச்சி 10 கட்டம் என்றால் 0, 30, 60, 90 பாகைகளில் சைனின் உயரம் 0, 5, 8.7, 10. ஏற்றம் 5, 3.7, 1.3. குறைவது முதலில் 1.3, பிறகு 2.4. அதே அகலமும் உயரமும் கொண்ட பரவளையத்தில் இரண்டு தடவையும் 2.2 குறையும். சைன், அச்சை நெருங்கும்போது ஏறக்குறைய நேராகிவிடுகிறது. வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது. கோடு அச்சைக் கடந்து எதிர்ப்பக்கம் வளைவது தெரிந்தால் எண்ணவே வேண்டாம், அது பரவளையம் இல்லை.

எண்ணத் தொடங்குமுன் y அச்சின் எண்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 1, 10, 100 என்று ஏறினால் அது மடக்கை அளவு. அதில் 2ˣ வெறும் நேர்கோடாக நிற்கும். x²-ஓ போகப்போகச் சரிவு குறைந்து படுக்கும்.