மூன்று 250, இரண்டு 250

இரவு கடை சாத்தும் நேரம். மளிகைக்கடை நோட்டில் அன்றைக்கு ஜிபே, போன்பேயில் வந்ததாகக் குறித்திருக்கும் தொகைகள் இவை: 250, 100, 250, 40, 250, 1000. வங்கி ஸ்டேட்மென்ட்டில் இருப்பவை: 250, 40, 100, 250, 40, 500. இரண்டிலும் ஆறு ஆறு வரிகள். எத்தனை ஒத்துப்போகின்றன?

கணினி தெரியாத கடைக்காரர் இதைச் சரியாகச் செய்துவிடுவார். பென்சிலை எடுத்து, நோட்டில் ஒரு 250-க்கு ஒரு டிக், ஸ்டேட்மென்ட்டில் ஒரு 250-க்கு ஒரு டிக் என்று ஜோடி ஜோடியாக அடித்துக்கொண்டே போவார். நோட்டில் மூன்று 250, வங்கியில் இரண்டு. ஆகவே இரண்டு ஜோடிதான் சேரும், மூன்றாவது 250 தனியாக நிற்கும். 40-லும் 100-லும் ஒவ்வொரு ஜோடி. மொத்தம் நான்கு.

புரோகிராம் எழுதுகிறவர்தான் இங்கே அடிக்கடி சறுக்குகிறார். ‘பொதுவானவை’ என்றதும் பள்ளிக்கூடத்துக் கணங்களின் வெட்டு நினைவுக்கு வரும். பைத்தானில் இரண்டையும் `set` ஆக்கி வெட்டினால் 40, 100, 250 என்று மூன்றே கிடைக்கும். கணத்துக்குள் ஒரு மதிப்பு ஒரு தடவைதான் இருக்க முடியும் என்பதால், ஒரு 250 ரூபாய் சத்தமில்லாமல் காணாமல் போய்விடுகிறது. டேட்டாபேஸிலும் இதே பள்ளம் உண்டு. `INTERSECT` மறுபடி வருவதைத் தூக்கியெறிந்துவிடும். போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் `INTERSECT ALL` என்று கேட்டால்தான் டிக் அடிப்பதுபோல ஜோடி சேர்த்துத் தரும். ஒரு மதிப்பு ஒரு பக்கம் m தடவையும் மறுபக்கம் n தடவையும் இருந்தால், விடையில் இரண்டில் சிறிய எண்ணிக்கையே வர வேண்டும். விதி அவ்வளவுதான்.

அந்த விதியைக் கணினியிடம் நிறைவேற்றச் சொல்ல இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது, எண்ணிக்கையைக் குறித்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழிப்பது. நோட்டை ஒருமுறை படித்து ஒரு ஹேஷ் டேபிள் போட வேண்டும்: 250-க்கு 3, 100-க்கு 1, 40-க்கு 1, 1000-க்கு 1. பிறகு ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

```python
from collections import Counter

def common(a, b):
    left = Counter(a)
    out = []
    for x in b:
        if left[x] > 0:
            out.append(x)
            left[x] -= 1
    return out
```

முதல் 250 வந்ததும் விடையில் சேர்ந்து, மீதி 2 ஆகிறது. 40 வருகிறது, மீதி 0. 100-க்கும் அப்படியே. அடுத்த 250 வந்ததும் மீதி 1. அதன்பின் வருவது இரண்டாவது 40. அதன் கையிருப்பு ஏற்கெனவே 0 என்பதால் அது ஒதுங்கிவிடுகிறது. 500 பட்டியலிலேயே இல்லை. உயிர்நாடி `left[x] -= 1` என்ற வரிதான், பென்சில் டிக் அதுவே. அதை எழுத மறந்தால் இரண்டாவது 40-ம் விடைக்குள் நுழைந்து, நான்கு ஐந்தாகிவிடும்.

இரண்டாவது வழிக்கு ஹேஷ் டேபிள் வேண்டாம், இரண்டு பட்டியலும் ஏறுவரிசையில் இருந்தால் போதும். நோட்டு 40, 100, 250, 250, 250, 1000 என்றும் ஸ்டேட்மென்ட் 40, 40, 100, 250, 250, 500 என்றும் அடுக்கியாகிவிட்டது. இரண்டின் தலைப்பிலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொள்ளலாம். புரோகிராமர்கள் அந்த விரலைப் பாயிண்டர் என்கிறார்கள்.

```python
while i < len(a) and j < len(b):
    if a[i] < b[j]:
        i += 1
    elif a[i] > b[j]:
        j += 1
    else:
        out.append(a[i])
        i += 1
        j += 1
```

40-ம் 40-ம் சமம், எடுத்துக்கொண்டு இரண்டு விரலும் நகர்கின்றன. இப்போது நோட்டில் 100, வங்கியில் இன்னொரு 40. சிறியது எந்தப் பக்கமோ அந்த விரல் மட்டும் நகர வேண்டும். காரணம் எளிது: நோட்டில் இனி வருவதெல்லாம் 100-ம் அதற்கு மேலும்தான், அந்த 40-க்கு இனி ஜோடி கிடைக்கவே போவதில்லை. பிறகு 100 சேர்கிறது, 250 சேர்கிறது, இன்னொரு 250 சேர்கிறது. மூன்றாவது 250-க்கு எதிரே 500 நிற்கிறது, நோட்டு விரல் நகர்கிறது. 1000-க்கு எதிரே 500, வங்கி விரல் நகர்ந்து பட்டியல் முடிகிறது. ஏழே ஒப்பீட்டில் அதே நான்கு விடைகள்.

இந்த இரண்டாவது வழி கணினியைவிட மூத்தது. ஐபிஎம் நிறுவனம் 1937-ல் கொண்டுவந்த 077 கொலேட்டர் என்ற இயந்திரத்தில் துளையிட்ட அட்டைக் கட்டுகளை வைக்க இரண்டு வாய்கள் இருந்தன. வரிசைப்படுத்திய இரண்டு கட்டுகளை அவற்றில் வைத்தால், தலைப்பு அட்டைகளை ஒப்பிட்டு ஒரே கட்டாகச் சேர்க்கும், அல்லது பொருந்தியதையும் பொருந்தாததையும் தனித்தனித் தட்டில் தள்ளும். ஹேஷ் டேபிள் யோசனை பின்னால் வந்தது. அதே ஐபிஎம்மில் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-ல் எழுதிய அலுவலகக் குறிப்பிலிருந்துதான் அதன் கதையைத் தொடங்குவது வழக்கம்.

எது மேல் என்றால், தரவு எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கலைந்து கிடக்கும் பட்டியல் என்றால் ஹேஷ் வழி மலிவு: இரண்டையும் ஒவ்வொரு முறை படித்தால் வேலை முடிந்தது. நினைவகத்தில் இடம்தான் செலவு, அதனால் எண்ணிக்கையை எப்போதும் சிறிய பட்டியலுக்குப் போட வேண்டும். நூறு வரி நோட்டையும் கோடி வரி ஸ்டேட்மென்ட்டையும் ஒப்பிட நூறு எண்ணிக்கைக்கு மேல் தேவைப்படாது. பட்டியல்கள் ஏற்கெனவே வரிசையில் இருந்தால் இரண்டு விரல் வழிக்கு ஈடில்லை. இரண்டு கோப்புமே நினைவகத்துக்குள் அடங்காத அளவு பெரிதாக இருந்தாலும், கையில் இருக்க வேண்டியது ஒரு பக்கத்துக்கு ஒரு வரிதான். யுனிக்ஸ், லினக்ஸில் உள்ள `comm -12` கட்டளை இப்படித்தான் வேலை செய்கிறது, மறுபடி வரும் வரிகளையும் ஜோடி போட்டே எண்ணுகிறது. ஆனால் வரிசைப்படுத்துவது முதல் வழியைவிடக் கூடுதல் வேலை. ஒரே ஒரு தடவை ஒப்பிடுவதற்காக அதைச் செய்வது வீண்.

வரிசை என்றால் எந்த வரிசை என்பதில்தான் நிஜமான தொல்லை. ஜாவாஸ்கிரிப்டின் `sort()` வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் எண்களை எழுத்துகளாகப் பாவித்து அடுக்கும். நோட்டு 100, 1000, 250, 250, 250, 40 என்றும், ஸ்டேட்மென்ட் 100, 250, 250, 40, 40, 500 என்றும் நின்றுவிடும். விரல்களோ எண்களாக ஒப்பிடும். 100 சேர்ந்ததும் நோட்டு விரல் 1000-த்தில் நின்றுவிட, வங்கி விரல் எல்லாவற்றையும் சிறியது என்று தாண்டிக்கொண்டு கடைசிவரை ஓடிவிடும். விடை ஒன்றே ஒன்று. எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஹேஷ் வழிக்கு வரிசையே தேவையில்லை என்பதால் இந்த நோய் அதை அண்டாது. அதே தரவை அதில் ஒருமுறை ஓட்டி, விடைகளின் எண்ணிக்கை ஒன்றா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இரண்டு வழியாலும் சொல்ல முடியாத விஷயம் ஒன்று உண்டு. நோட்டில் மிஞ்சியவை 250, 1000; வங்கியில் மிஞ்சியவை 40, 500. நோட்டின் கூட்டுத்தொகை 1890, வங்கியின் கூட்டுத்தொகை 1180, வித்தியாசம் 710. மிஞ்சியவற்றின் வித்தியாசமும் அதே 710. கணக்கு சரி. ஆனால் வந்துசேராத 250 எது, காலையில் வந்தவருடையதா, மதியம் வந்தவருடையதா, சாயங்காலம் வந்தவருடையதா? தொகையை மட்டும் ஒப்பிட்டால் மூன்றும் ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்க, தொகையோடு வரி எண்ணையோ பரிவர்த்தனை எண்ணையோ சேர்த்து ஒப்பிட வேண்டும். அப்படிச் சேர்த்த பிறகு மறுபடி வரும் மதிப்பு என்று பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.