250 கிராம் பொடிக்கு ஒரு பதிவு

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்டலாக் வசதி 2019 நவம்பரில் வந்தது. வீட்டிலேயே இட்லிப் பொடி அரைத்து விற்பவருக்கு அதுவே கடை அலமாரி. ஆனாலும் பல கேட்டலாக்குகளில் பெயர் ‘ஸ்பெஷல் பொடி’ என்றும், விலைக்கான இடம் காலியாகவும் இருக்கும். ‘விலைக்கு மெசேஜ் செய்யவும்’ என்று போடுபவர்களும் உண்டு. கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

இதைவிடச் சிக்கலானது எடை. ‘இட்லிப் பொடி, 100 கிராம் முதல்’ என்று எழுதி, விலையில் ₹50 போட்டுவிட்டால் என்ன ஆகும்? கேட்டலாக்கில் ஒரு பொருளுக்கு ஒரே விலைதான். அரைக் கிலோ வேண்டியவரும் ‘1’ என்றே கார்ட்டில் சேர்ப்பார். மொத்தம் ₹50 என்று காட்டும். பிறகு விளக்கம் சொல்லி மாளாது. எனவே ஒவ்வொரு எடைக்கும் தனிப் பதிவு போடுங்கள். எடை பெயரிலேயே இருக்கட்டும். பொருள் குறியீட்டுக்கும் தனிக் கட்டம் உண்டு. அதில் IP250 என்று போட்டுவிட்டால் ஆர்டரைப் பிரித்தெடுப்பது எளிது.

ஒரு மாதிரி:

இட்லிப் பொடி – 250 கிராம்
₹120
பூண்டு இல்லை; நடுத்தரக் காரம். உளுந்து, கடலைப்பருப்பு, எள், மிளகாய், பெருங்காயம், உப்பு. அரைத்த தேதி பாக்கெட்டில் இருக்கும். கூரியர் கட்டணம் தனி.
ஆர்டர் செய்ய:
1. கார்ட்டில் சேர்த்து அனுப்புங்கள்.
2. பெயர், முகவரி, பின்கோடு எழுதுங்கள்.
3. கூரியர் சேர்த்த மொத்தத்தை நாங்கள் சொன்ன பிறகு யுபிஐயில் செலுத்துங்கள்.
செவ்வாய், வெள்ளி அனுப்புவோம்.

‘பூண்டு இல்லை’ முதலில் நிற்பதற்குக் காரணம் உண்டு. பட்டியலில் விவரத்தின் தொடக்கம் மட்டுமே தெரியும். மீதியைப் பார்க்க உள்ளே போக வேண்டும். அடிக்கடி கேட்கப்படும் கேள்விக்கான பதில் அந்த முதல் வரியில் இருக்க வேண்டும். ‘பாரம்பரியச் சுவை’ அங்கே இடத்தை அடைக்கத்தான் உதவும்.

மூன்றாவது படியில் ‘நாங்கள் சொன்ன பிறகு’ என்பதை விட்டுவிடாதீர்கள். கார்ட் என்பது அரட்டையில் வந்து விழும் ஒரு செய்திதான். உங்களிடம் எத்தனை பாக்கெட் மிச்சம் என்பது செயலிக்குத் தெரியாது. கூரியர் தொகையும் அந்த மொத்தத்தில் சேராது. பணம் முந்திக்கொண்டால், தீர்ந்துபோன பொடிக்குத் திருப்பித் தரும் வேலை உங்கள் தலையில்.

சேமித்ததும் பதிவை வாட்ஸ்அப் தன் வணிக விதிகளின்படி சரிபார்க்கும். அதுவரை வாடிக்கையாளருக்குத் தெரியாது. ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ போன்ற வரி வேண்டவே வேண்டாம். இங்குள்ள உணவுச் சட்டமும் அதை அனுமதிக்காது. தவறாக நிராகரித்திருந்தால் மறுபரிசீலனை கேட்கலாம்.

பொடி தீர்ந்த வாரம் பதிவை அழிக்காமல் மறைத்து வையுங்கள். அழித்தால் எல்லாவற்றையும் மறுபடி எழுதி, திரும்பவும் சரிபார்ப்புக்குக் காத்திருக்க வேண்டும்.