அம்புக்குறிகளுக்கு எண் போடுங்கள்

நீர்ச் சுழற்சி என்றதும் எல்லோருக்கும் ஒரே படம்தான் நினைவுக்கு வரும். இடப்பக்கம் கடல், மேலே சூரியன், நடுவில் வெள்ளை மேகம், வலப்பக்கம் மலை, மலையிலிருந்து இறங்கி மீண்டும் கடலில் சேரும் ஆறு. இந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த மாணவர், கடலிலிருந்து மேலே போகும் தண்ணீரெல்லாம் மலையில் மழையாகப் பெய்து ஆறாகத் திரும்புகிறது என்று நம்பிவிடுகிறார். அம்புக்குறிகள் எல்லாம் ஒரே தடிமனில் இருப்பதால் வரும் தவறு இது. கல்லூரி முதலாண்டு வகுப்புக்கு ஸ்லைடு தயாரிக்கிற எவரும் முதலில் திருத்த வேண்டியது இந்தப் படத்தைத்தான்.

அந்த வகுப்பில் தமிழ்வழியில் படித்தவர்களும் ஆங்கிலவழியில் படித்தவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். விரிவுரை தமிழில் நடக்கும். தேர்வுக்கும் மேற்படிப்புக்கும் ஆங்கிலப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக வாக்கியங்களை இரண்டு மொழியிலும் எழுதினால் திரை நிரம்பிவிடும், யாரும் படிக்க மாட்டார்கள். படத்தின் பெயர்ச்சீட்டுகளை மட்டும் இரண்டு மொழியில் வைத்தால் போதும். மேலே தமிழ், அதன் கீழே சற்றுச் சிறிய எழுத்தில் ஆங்கிலம்.

```
ஆவியாதல்        Evaporation
நீராவிப்போக்கு     Transpiration
நீர் சுருங்குதல்     Condensation
மழைப்பொழிவு     Precipitation
நீர் ஊடுருவல்     Infiltration
நீர் வழிந்தோடல்   Runoff
```

ஆறு பெயர்களையும் ஒரே ஸ்லைடில் கொட்டக் கூடாது. ஒரு ஸ்லைடுக்கு ஒன்றோ இரண்டோ வந்தால் மனதில் நிற்கும். எழுத்துருவும் யூனிகோடாக இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத வகுப்பறைக் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும்.

முதல் ஸ்லைடை மேகத்திலிருந்து தொடங்குவது நல்லது. மேகம் நீராவி என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் நினைத்திருக்கிறார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. கொதிக்கும் கெட்டிலின் மூக்கை உற்றுப் பார்த்தால், மூக்கை ஒட்டிக் கொஞ்சம் இடம் தெளிவாக இருக்கும். வெள்ளைப் புகை அதற்கு அப்பால்தான் தொடங்கும். தெளிவாக இருக்கும் இடத்தில்தான் நீராவி நிறைந்திருக்கிறது. வெள்ளையாகத் தெரிவது, காற்றில் பட்டுக் குளிர்ந்து மறுபடி தண்ணீரான நுண்துளிகள். மேகமும் அப்படித்தான். மேகத்துளி ஒன்றின் விட்டம் சுமார் 0.02 மில்லிமீட்டர், சாதாரண மழைத்துளியின் விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். விட்டம் நூறு மடங்கு என்றால் கொள்ளளவு பத்து லட்சம் மடங்கு. ஒரு மழைத்துளி உருவாகப் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். மேகம் கூடிய நாளெல்லாம் மழை பெய்யாததன் காரணம் இந்தக் கணக்கிலேயே பாதி புரிந்துவிடும்.

அடுத்த ஸ்லைடில் எழுத்தே வேண்டாம். ஒரு கேள்வி மட்டும் போதும்: ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறத்தில் இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? உள்ளேயிருந்து கசிந்தது என்று சொல்பவர்கள் கல்லூரி வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களை மறுத்துப் பேசுவதைவிடச் செய்து காட்டிவிடலாம். எவர்சில்வர் டம்ளரில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரும் ஐஸும் போட்டு, ஒரு தட்டால் மூடி, சமையலறை எடைத்தராசில் வையுங்கள். ஈரப்பதம் உள்ள நாளில் சிறிது நேரத்திலேயே வெளிச்சுவர் வியர்க்கும். அந்தத் துளிகளில் சிவப்பு இருக்காது, தராசின் எண்ணும் மெல்ல ஏறும். உள்ளிருந்து கசிந்திருந்தால் எடை கூடியிருக்காது. அறையின் காற்றிலிருந்த நீராவிதான் டம்ளரில் தண்ணீராகியிருக்கிறது. நீர் சுருங்குதல் என்ற பெயர்ச்சீட்டைத் திரையில் காட்ட வேண்டிய நேரம் இது. நிகழ்வைப் பார்த்த பிறகு வரும் பெயர் இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே பொருளில் பதியும்.

மூன்றாவது ஸ்லைடுதான் பாடத்தின் உயிர். பழைய படத்தையே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அம்புக்குறியின் மேலும் அந்த வழியாக ஓர் ஆண்டில் போகும் தண்ணீரின் அளவை எழுத வேண்டும். அலகு, ஆயிரம் கன கிலோமீட்டர். பரவலாக எடுத்தாளப்படும் ஒரு மதிப்பீட்டின்படி கடலிலிருந்து ஆவியாவது 413. அதில் 373 கடலிலேயே மழையாக விழுந்துவிடுகிறது. மீதி 40 காற்றோடு நிலத்தின் மேல் வருகிறது. நிலத்தில் பெய்யும் மழையோ 113. அப்படியானால் 73 எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வகுப்பைக் கொஞ்ச நேரம் யோசிக்க விட வேண்டும்.

மண்ணிலிருந்தும் ஏரி குளங்களிலிருந்தும் செடி கொடி மரங்களின் இலைகளிலிருந்தும் மேலே போகும் தண்ணீர் அது. பெரும்பாலான படங்களில் இலையிலிருந்து கிளம்பும் அம்புக்குறி இருப்பதே இல்லை, இருந்தாலும் மெல்லிய கோடாக இருக்கும். கடலிலிருந்து வரும் 40-ஐவிட நிலத்திலிருந்து கிளம்பும் 73 பெரியது என்பதை மாணவர் தானே கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். மழையின் 113-இல் இந்த 73 போக மிஞ்சும் 40 ஆறுகள் வழியாகவும் நிலத்தடி வழியாகவும் கடலுக்குத் திரும்புகிறது. கடல் கொடுத்ததும் 40, திரும்பப் பெற்றதும் 40. வரவும் செலவும் நேராகிவிட்டன. வெவ்வேறு ஆய்வுக் குழுக்களின் எண்கள் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த மதிப்பீட்டை எடுத்தாலும் கணக்கு நேராக வேண்டும் என்பதுதான் விதி.

இதே எண்களிலிருந்து இன்னொன்றும் கிடைக்கும். எந்த நேரத்திலும் காற்றில் இருக்கும் மொத்த நீர் சுமார் 13 ஆயிரம் கன கிலோமீட்டர்தான். ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 486 ஆயிரம். வகுத்துப் பார்த்தால், மேலே போன தண்ணீர் சராசரியாக ஒன்பது பத்து நாளில் கீழே வந்துவிடுகிறது. ஆழத்து நிலத்தடி நீரோ நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். ஆழ்துளைக் கிணற்றில் எடுக்கும் தண்ணீரும் நேற்றைய மழையும் ஒரே வேகத்தில் சுழல்வதுபோல் படம் வரைவது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போது தெரியும்.

உலகக் கணக்கு முடிந்ததும் ஊர்க் கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஆக, ஒரு நாளில் 50 லட்சம் லிட்டர், பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் 500 லோடு. ஏரி ஏன் வற்றியது என்ற கேள்விக்கு மாணவர்கள் அதன்பின் வேறு மாதிரி பதில் சொல்வார்கள்.

கடைசி ஸ்லைடில் மனிதர்கள் வர வேண்டும். 2019-இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, நீர்ச் சுழற்சிப் படங்கள் நானூற்றுக்கும் மேல் எடுத்துப் பார்த்தது. மனிதர்களின் பங்கைக் காட்டியவை சுமார் 15 சதவீதம்தான். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 2022-இல் வெளியிட்ட புதிய படத்தில் பாசனமும் நகரங்களும் அணைகளும் இடம்பெற்றன. நம் ஸ்லைடுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2019 ஜூலையில், சென்னை ஏரிகள் வறண்டு கிடந்தபோது, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் காவிரித் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நாம் மேலே பார்த்த ஏரி ஒரு நாளில் ஆவியாக விட்டதில் பாதி அது. இந்த ரயிலுக்கும் படத்தில் ஓர் அம்புக்குறி வரைய வேண்டும். மீஞ்சூரில் 2010-இல் இயங்கத் தொடங்கிய ஆலைக்கும் ஒன்று வரைய வேண்டும். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தயாரிக்கும் திறனோடு கட்டப்பட்ட அந்த ஆலை, கடல்நீரை அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியாகத் தள்ளி உப்பைப் பிரிக்கும் வகையைச் சேர்ந்தது. சூரியனும் மேகமும் இல்லாமல் கடலிலிருந்து நேரே குழாய்க்கு வரும் அம்புக்குறி அது.