21 நிமிட ஸ்கிரிப்ட், 12 நிமிடப் படம்: ஆவணப்படத்தில் ‘திருப்பம்’ எங்கே ஒளிந்திருக்கும்?

ஒரு குறும் ஆவணப்படத்தை செல்போனில் போட்டுப் பார்க்கிறீங்க. கேமரா அழகு, இசை நல்லா இருக்கு, சொல்ற விஷயமும் முக்கியமானதுதான். ஆனாலும் மூணாவது நிமிஷத்துல கை தானா அடுத்த வீடியோவுக்குப் போயிடுது. படம் மோசம்னு இல்ல. எதுக்காகக் காத்திருக்கணும்னு அந்தப் படம் நம்மகிட்ட சொல்லவே இல்ல, அவ்வளவுதான்.

பெரும்பாலும் இது கேமராவின் தவறு அல்ல. ஸ்கிரிப்ட் அலைபாய்வதுதான் காரணம். அப்படி அலைந்த ஒரு ஸ்கிரிப்டை மூன்று அங்கமாகப் பிரித்து அடுக்குவது எப்படி? ஒரு நிஜ உதாரணத்தோடு பார்க்கலாம்.

என் கல்லூரித் தோழி ஒருத்தி தூத்துக்குடி பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவைப் பற்றி 12 நிமிடப் படம் எடுத்தாள். பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் வரை விட்டு விட்டு ஷூட்டிங். அதற்குப் பிறகுதான் ஸ்கிரிப்ட் எழுதினாள். இதில் குழப்பம் வேண்டாம். கதைப் படத்துக்கு ஸ்கிரிப்ட் முதலில் வரும். ஆவணப்படத்துக்கு முதலில் ஒரு திட்டம் மட்டும்தான் இருக்கும். எடுத்த காட்சிகளையும் பேட்டிகளையும் எழுத்தாக்கி, இடது பக்கம் காட்சி, வலது பக்கம் ஒலி என்று அடுக்குகிற ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஷூட்டிங் முடிந்த பிறகுதான் உருவாகும்.

அவள் கொடுத்ததை ஸ்டாப்வாட்ச் வைத்து சத்தமாகப் படித்தேன். 21 நிமிடம் வந்தது.

முதலில் கடல். பிறகு 1930-ல் காந்தி தண்டியிலும் ராஜாஜி வேதாரண்யத்திலும் உப்பு அள்ளிய வரலாறு. பிறகு உப்பு எப்படி விளைகிறது என்று 3 நிமிடம். பிறகு அந்த அக்கா. பிறகு கண் மருத்துவர். பிறகு சம்பள நாள். பிறகு மே மாதக் கோடை மழையில் உப்பு கரைவது. பிறகு அக்காவின் சமையல், மகளின் படிப்பு, ஆடு, மறுபடியும் கடல். பள்ளியில் படித்த முதல், கரு, உரி ஞாபகம் இருக்கா? இதில் நிலமும் பொழுதும் பறவையும் எல்லாம் இருந்தது, உரிப்பொருளை மட்டும் காணோம்.

‘அப்புறம்’ எத்தனை?

முதல் வேலை வெட்டுவது இல்லை. ஒவ்வொரு காட்சியையும் ஒரு சின்ன அட்டையில் எழுதுவதுதான். அட்டையில் இரண்டு வரி போதும். இதில் என்ன நடக்கிறது? இது முடியும்போது யாருக்கு என்ன மாறியிருக்கிறது?

மொத்தம் 23 அட்டை வந்தது. அவற்றைத் தரையில் வரிசையாக வைத்து, இரண்டு அட்டைக்கு நடுவில் எந்தச் சொல் பொருந்துகிறது என்று பார்த்தோம். ‘அதனால’ அல்லது ‘ஆனா’ பொருந்தினால் கதை நகர்கிறது. ‘அப்புறம்’ மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அது பட்டியல். தோழியின் 22 இடைவெளிகளில் 17 இடத்தில் ‘அப்புறம்’தான்.

இன்னொன்றும் தெரிந்தது. இரண்டாவது கேள்விக்கு 14 அட்டையில் பதிலே இல்லை. தகவல் இருக்கிறது, மாற்றம் இல்லை. இவற்றைத் தூக்கிப் போடத் தேவையில்லை. தனியாக ஒரு ஓரத்தில் வைத்தோம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மழையா திருப்பம்?

தோழி உறுதியாக இருந்தாள். மே மாத மழைதான் படத்தின் திருப்பம் என்றாள். காட்சியாக அது பிரமாதம்தான். பாத்தியில் வெள்ளையாக விளைந்து கிடந்த உப்பு அரை மணி நேரத்தில் சேறாகிறது.

ஆனால் மழை அந்த வட்டாரத்தில் எல்லா அளத்திலும்தான் பெய்தது. அது அக்காவுக்கு நேர்ந்த ஒன்று, அவர் செய்த ஒன்று அல்ல. அடுத்த மாதம் அவர் மறுபடியும் அதே பாத்தியில் அதே உப்பை வாரிக்கொண்டிருந்தார். மழைக்கு முன்னாடி நம் மனதில் இருந்த கேள்வியும், பின்னாடி இருக்கும் கேள்வியும் ஒன்றுதான்: இவர் எப்படிச் சமாளிப்பார்?

திருப்பம் என்பது படத்தின் மிகப் பெரிய சம்பவமாக இருக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியாது, பார்க்கிறவரின் கேள்வியே மாறிவிடுகிறது. அந்த இடம்தான் திருப்பம். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ படத்தை நினைச்சுப் பாருங்க. முதுமலையில் தாயில்லாத குட்டி ரகுவை பொம்மனும் பெள்ளியும் பிழைக்க வைப்பார்களா என்பதுதான் முதலில் நம் கேள்வி. பிழைத்து வளர்ந்துவிடுகிறான். வளர்ந்ததாலேயே அவனை வேறொருவர் பராமரிப்புக்குக் கொண்டுபோகிறார்கள். சத்தமில்லாத காட்சிதான், ஆனால் அதன் பிறகு படம் வேறு கேள்வியைக் கேட்கிறது.

நம் ஸ்கிரிப்டில் அப்படி ஒரு இடம் இருக்கா என்று தேடினோம். 11-ம் பக்கத்தில், சமையல் காட்சியில், குழம்பைக் கிண்டிக்கொண்டே அக்கா சொன்ன ஒற்றை வரியில் இருந்தது.

“இந்த வருசம் கங்காணிகிட்ட முன்பணம் வாங்கலம்மா. வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

தோழி இதை அடிக்கோடுகூடப் போடவில்லை. அதுக்கு அடுத்த வரியில் மீன் விலை வந்துவிடுகிறது.

இதன் கனம் புரிய, பணக் கணக்கைத் தெரிஞ்சுக்கணும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களை ஓட்ட அக்கா ஒவ்வொரு வருடமும் 10,000 ரூபாய் முன்பணம் வாங்குவார். பிப்ரவரியில் வேலை தொடங்கியதும் வாரம் 300 ரூபாய் கூலியில் பிடிப்பார்கள். 33 வாரம் போனால் 9,900 ரூபாய். அதாவது கடன் தீரும் நேரத்தில் அடுத்த மழை வந்துவிடும், மறுபடி முன்பணம். வாங்கியவர் அடுத்த வருடம் வேறு அளத்துக்குப் போக முடியாது.

மே மழையால் 3 வாரம் வேலை போனது. கைச்செலவுக்கு இன்னொரு 2,000 வாங்கினார். சீசன் முடிவில் 3,000 பாக்கி நின்றது. அவர் இரண்டு ஆட்டை விற்று அதை அடைத்துவிட்டு, புது முன்பணத்தை வேண்டாம் என்றார். ஸ்கிரிப்டில் ஆடு ஒரு பக்கம், கணக்கு நோட்டு ஒரு பக்கம், இந்த வரி ஒரு பக்கம் என்று மூன்றும் சிதறிக் கிடந்தன.

சரியான இடத்தைத்தான் பிடித்தோமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அந்த அட்டையைக் கையால் மூடிவிட்டு மீதியைப் படிக்கணும். மழை அட்டையை மூடினோம், கடைசி சில நிமிடம் கொஞ்சம் பலவீனமானது, ஆனால் புரிந்தது. முன்பண அட்டையை மூடினோம். நவம்பரில் அக்கா ஏன் 100 நாள் வேலையில் வாய்க்கால் வெட்டுகிறார் என்றே புரியவில்லை.

பின்னாலிருந்து முன்னால்

திருப்பம் கிடைத்துவிட்டால் அங்கிருந்து பின்னோக்கி அடுக்குவது சுலபம். அது எட்டாவது நிமிடத்தில் வரட்டும் என்று வைத்தோம். முதல் அங்கம் 3 நிமிடம், இரண்டாவது ஐந்தரை, மூன்றாவது மூன்றரை. பெரிய படங்களில் ஒவ்வொரு அங்கத்தின் முடிவிலும் ஒரு திருப்பம் வைப்பார்கள். 12 நிமிடம் ஒரு பெரிய திருப்பத்தைத்தான் தாங்கும். முதல் அங்கம் முடியும் இடத்தில் ஒரு தள்ளு இருந்தால் போதும், மழை அந்த வேலையைச் செய்யும்.

“வேண்டாம்” என்ற சொல் வலிக்க வேண்டுமென்றால் “வேண்டும்” என்ற நிலை முன்னாடியே தெரிந்திருக்கணும். அதனால் சம்பள நாள் காட்சியை இரண்டாவது நிமிடத்துக்குக் கொண்டுவந்தோம். முன்பு அதன் மேல் வரலாறு பேசும் பின்னணிக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, கங்காணி நோட்டில் 300 என்று எழுதும் பேனா சத்தத்தை மட்டும் விட்டோம்.

முதல் அங்கம் இப்படி ஆனது: விடியற்காலை 4 மணி, டார்ச் வெளிச்சத்தில் பாத்திக்குள் இறங்கும் கால்கள். வேலை. நோட்டு. மழை. இரண்டாவது அங்கம் முழுக்க பாக்கியை அடைக்கும் முயற்சி. லாரியில் மூட்டை ஏற்றும் கூடுதல் வேலை, மகளின் கல்லூரிக் கட்டணம், ஆடு விற்பது. கடைசியில் சமையலறையில் அந்த வரி. அதுக்குப் பிறகு 6 விநாடி யாரும் பேசுவதில்லை. குழம்பு கொதிக்கும் சத்தம் மட்டும்.

ஓரத்தில் வைத்த 14 அட்டைக்கு இப்போது வருவோம். தகவல் காட்சிக்கு ஒரே விதிதான்: பார்க்கிறவருக்குக் கேள்வி வந்த பிறகு பதிலைக் கொடுங்க. உப்பு எப்படி விளையும் என்ற 3 நிமிடப் பாடம் தனியாக வேண்டாம். அக்கா வாரும்போதே 50 விநாடியில் சொல்லிவிடலாம். கண் கூசி அவர் மூட்டையைத் தவறவிடும் காட்சிக்குப் பிறகு மருத்துவர் 20 விநாடி வந்தால் போதும். 1930-க்கு இடமே கிடைக்கவில்லை. தோழி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இரண்டு இடத்தில் கவனம்

அடுக்கை மாற்றும்போது பொய் நுழைய வாய்ப்பு அதிகம். வெயில் கூச்சத்தில் அக்கா கண்ணைத் துடைக்கும் ஒரு ஷாட் இருந்தது. அதை மழைக்குப் பக்கத்தில் வைத்தால் அழுவது போலவே இருக்கும். தோழிக்கு ஆசை, எனக்கும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்த ஷாட் மார்ச்சில் எடுத்தது. நாள் வரிசையை முன்பின் மாற்றலாம், ஒரு நாளின் கண்ணீரை இன்னொரு நாளுக்குக் கொடுக்கக் கூடாது. வைக்கவில்லை.

இரண்டாவது இதைவிடப் பெரியது. ஒளிந்துகிடந்தவரை அந்த வரி யார் கண்ணிலும் படாது. இப்போது படமே அதன் மேல் நிற்கிறது. கங்காணி பார்த்தால் அக்காவுக்கு வேலை கிடைக்குமா? எனவே புது ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டு தோழி அவர் வீட்டுக்குப் போய், வரி வரியாகப் படித்துக் காட்டினாள். அக்கா வரியை எடுக்கச் சொல்லவில்லை. கங்காணியின் முகமும் அளத்தின் பெயர்ப் பலகையும் வேண்டாம் என்றார். நோட்டுக் காட்சியில் இப்போது கையும் பேனாவும் மட்டும்தான் இருக்கும்.

மூன்றாவது அங்கத்தில் ஒரு ஓட்டை மிச்சமிருந்தது. முன்பணம் வாங்காதவருக்கு அடுத்த சீசனில் என்ன ஆச்சு? ஷூட்டிங் டிசம்பரோடு நின்றிருந்தது. இதை எடிட்டிங்கால் நிரப்ப முடியாது, பின்னணிக் குரலில் சமாளித்தால் ஏமாற்றிய மாதிரி இருக்கும். மறு பிப்ரவரியில் ஒரே ஒரு நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அக்கா வேறொரு அளத்தின் வாசலில் 5 மணியிலிருந்து நின்றிருந்தார். ஏழே காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். பாத்தி வேலை இல்லை, மூட்டை தைக்கும் வேலை, கூலி கொஞ்சம் குறைவு. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேமராவைப் பார்த்து, “நீ சாப்ட்டியாம்மா?” என்று கேட்டார். படம் அங்கே முடிகிறது.