லிமிட் இருக்கு, ஆனா பையன் ஆடுறது உங்க அக்கவுண்ட்ல!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாத்தூர்ல இருந்து ஒரு அண்ணன் போன் பண்ணினார். விருதுநகர்ல ஒரு கம்பெனியில வேலை, மாசச் சம்பளக்காரர். "தம்பி, பேங்க்ல ஏதோ தப்பா எடுத்துட்டாங்க. 5,000 ரூபாய் போட்டேன், 2,006 தான் இருக்குன்னு காட்டுது."

விஷயம் இதுதான். வீட்டுல ஒரு பிளேஸ்டேஷன் 5 இருக்கு. 3,999 ரூபாய் கேம் ஒன்றை வாங்க, அவர் தன் கார்டிலிருந்து ஸ்டோர் வாலட்டில் 5,000 ஏற்றி வைத்திருந்தார். அன்னைக்கே வாங்கல. ஒரு வாரம் கழிச்சு வாங்கப் போனா, பணம் பத்தல. பேங்க் எஸ்எம்எஸ்ல அந்த 5,000 மட்டும்தான் இருந்தது.

நான் பேங்க் ஸ்டேட்மெண்டைக் கேட்கவே இல்லை. கன்சோலில் `Transaction History` பக்கத்தைத் திறந்து படிக்கச் சொன்னேன். 499 ரூபாய் காயின் பேக், ஆறு தடவை. மொத்தம் 2,994. வாங்கியது ஏழாவது படிக்கும் பையன். "நான் உங்ககிட்ட காசே கேக்கலையேப்பா, அது உள்ளயே இருந்துச்சு"ன்னு சொன்னானாம். அவன் சொன்னதும் ஒரு வகையில் சரிதான்.

ஓடிபி வரும், பார்த்துக்கலாம் என்றுதான் நம்மில் பலர் இருக்கிறோம். ஆனால் கார்டிலிருந்து வாலட்டுக்குப் பணம் ஏறும்போதுதான் ஓடிபி. ஏறிய பணத்தை உள்ளே செலவழிக்க ஓடிபியும் கிடையாது, பேங்க் எஸ்எம்எஸ்ஸும் கிடையாது. பேங்கைப் பொறுத்தவரை அந்தச் செலவு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

அண்ணனுக்கு ஆச்சரியம் வேறு. "நான் பிள்ளை அக்கவுண்ட்டுக்கு லிமிட் வச்சிருந்தேனே!" வைத்திருந்தார், உண்மைதான். ஆனால் அந்த லிமிட் கன்சோலுக்கு இல்லை, அந்த ஒரு அக்கவுண்ட்டுக்கு மட்டும். கேம் எல்லாம் அப்பா அக்கவுண்ட்டில் இருப்பதால், பையன் தினமும் அப்பா பெயரைத் தொட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தான். பெரியவர் அக்கவுண்ட்டுக்கு மாத லிமிட் கிடையாது.

அதனால் லிமிட்டை விட முக்கியம், அப்பா அக்கவுண்ட்டைப் பூட்டுவது. உங்கள் அக்கவுண்ட்டுக்கு லாகின் பாஸ்கோடு போடுங்கள் (`Login Settings`-ல் இருக்கும்). கூடவே `Require Password at Checkout` ஆன் பண்ணுங்கள். பாஸ்கோடு பிள்ளையின் பிறந்த தேதியாக இருக்க வேண்டாம், ப்ளீஸ்.

பிறகு பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட், உண்மையான பிறந்த தேதியோடு. பெரியவர் என்று தேதி போட்டுத் திறந்தால் அது பெரியவர் அக்கவுண்ட்டாகவே போய்விடும், லிமிட் ஆப்ஷனே வராது. அடுத்து இந்த வழியில் போங்கள்:

```
Settings > Family and Parental Controls > Family Management
```

பிள்ளை பெயரைத் தேர்ந்தெடுத்தால் `Monthly Spending Limit` தெரியும். ஆரம்பத்தில் அது பூஜ்ஜியம். அதைத் தொடாமல் விட்டாலே பிள்ளையால் எதையும் வாங்க முடியாது. 500 என்று வைத்தால், மாதத்துக்கு 500 வரை வாங்கலாம். பணம் போவது உங்கள் வாலட்டிலிருந்துதான், பிள்ளைக்கென்று தனி வாலட் இல்லை. அதோடு இது உச்சவரம்பு மட்டும்தான், பாக்கெட் மணி இல்லை. இந்த மாதம் 200 செலவானால் மீதி 300 அடுத்த மாதத்துக்குச் சேராது. வாலட்டிலும் மிச்சப் பணத்தைத் தூங்கவிடாதீர்கள், தேவைக்கு மட்டும் ஏற்றுங்கள்.

இதில் நம் பிள்ளைகள் மட்டும் விசேஷம் இல்லை. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் கேமின் எபிக் கேம்ஸ் நிறுவனம், அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனோடு 520 மில்லியன் டாலருக்குச் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. அதில் 245 மில்லியன், வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. கார்டு விவரம் தானாகச் சேமிக்கப்பட்டு, 2018 வரை பெற்றோர் ஒப்புதல் இல்லாமலே பிள்ளைகள் பட்டனை அமுக்கி வாங்க முடிந்தது என்பது கமிஷனின் குற்றச்சாட்டு. கார்டு நிறுவனத்தில் டிஸ்ப்யூட் போட்டவர்களின் அக்கவுண்ட்டையே பூட்டினார்கள் என்றும் சொன்னது. வாங்கிய கேம் எல்லாம் அதோடு போச்சு. எனவே ஆத்திரத்தில் பேங்குக்கு ஓடாதீர்கள், முதலில் ஸ்டோரின் ரீஃபண்ட் பக்கத்தில் கேளுங்கள். கேமுக்குள் வந்து சேர்ந்துவிட்ட காயினுக்குப் பொதுவாகப் பணம் திரும்பாது. சாத்தூர் அண்ணனுக்கும் அந்த 2,994 போனது போனதுதான்.

இப்போது அவர் வீட்டில் லிமிட் மாதம் 500. தீபாவளி மாதம் மட்டும் 1,000 கேட்டிருக்கிறான் பையன், இவரும் சரி என்றுவிட்டார். அதைத் திரும்ப 500-க்கு இறக்க, போனில் இப்பவே ரிமைண்டர் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏற்றிவிட்டால் அது தானாக இறங்காது.