பீஸ் வந்துவிட்டது, வருமானம் இன்னும் வரவில்லை

டியூஷன் சென்டர் நடத்துபவரின் வங்கிக் கணக்கு, அட்மிஷன் நடக்கும் ஓரிரு வாரங்களில் மட்டும் கொழுத்துக் கிடக்கும். ஒரு வருஷக் கட்டணம் மொத்தமாக வந்து சேரும் நேரம் அது. ‘இந்த வருஷம் நல்ல லாபம்’ என்ற எண்ணமும் அப்போதுதான் வரும். சென்டர்கள் தடுமாறத் தொடங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

சிறியதாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மாவட்டத் தலைநகர் ஒன்றில், மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் பயிற்சி தருகிறார் ஒருவர். அக்டோபர் முதல் செப்டம்பர் வரை பன்னிரண்டு மாத வகுப்பு. கட்டணம் 24,000 ரூபாய், சேரும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். நூலகப் புத்தகங்களுக்கும் அடையாள அட்டைக்கும் சேர்த்துக் கேஷன் டெபாசிட் 1,500 ரூபாய். அது படிப்பு முடிந்ததும் திருப்பித் தரப்படும். 40 பேர் சேர்கிறார்கள். அக்டோபரில் வங்கிக்கு வந்த தொகை 10,20,000 ரூபாய்.

மார்ச் 31 வருகிறது, நிதியாண்டு முடிகிறது. அந்த ஆறு மாதத்தில் ஆசிரியர் சம்பளம் மாதம் 45,000, வாடகை 25,000, மின்சாரம், ஜெராக்ஸ், மற்றவை 5,000 என மாதம் 75,000 வீதம் 4,50,000 ரூபாய் செலவு. வங்கியில் மிச்சம் 5,70,000. வந்ததில் போனதைக் கழித்தால் மிச்சம் லாபம் என்று பார்ப்பவருக்கு, ஆறே மாதத்தில் ஐந்தே முக்கால் லட்சத்துக்குப் பக்கமாக லாபம்.

உண்மையில் லாபம் 30,000 ரூபாய்தான்.

காரணம் இதுதான். 24,000 ரூபாய் பன்னிரண்டு மாதப் பாடத்துக்கான விலை. மாதத்துக்கு 2,000. மார்ச் முடிய ஆறு மாதப் பாடம்தான் நடந்திருக்கிறது. ஆக, 40 பேரிடம் சென்டர் சம்பாதித்தது 4,80,000. மீதி 4,80,000 இன்னும் நடக்காத வகுப்புக்காக வாங்கி வைத்திருக்கும் பணம். டெபாசிட் 60,000 தொடக்கத்திலிருந்தே மாணவர்களுடையது. வங்கியில் கிடக்கும் 5,70,000-ஐப் பிரித்தால் 4,80,000 பாக்கிப் பாடம், 60,000 பிறர் பணம், 30,000 சொந்தம். மூன்றையும் கூட்டினால் கணக்கு நேராகிறது.

இந்த இடத்தில் உரிமையாளர் என்ன செய்வார் என்பதை ஊகிப்பது கடினமில்லை. ஸ்மார்ட் போர்டு வாங்குவார், அல்லது பக்கத்து ஊரில் கிளைக்கு அட்வான்ஸ் கொடுப்பார். ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை இன்னொரு 4,50,000 ரூபாய் செலவு காத்திருக்கிறது. அந்த மாதங்களில் இந்த 40 பேரிடமிருந்து ஒரு ரூபாய்கூட வராது. ஜூலையில் சம்பளம் தள்ளிப்போகும். அதைச் சமாளிக்க அடுத்த பேட்ச்சுக்கு ‘முன்கூட்டியே சேர்ந்தால் சலுகை’ என்று போஸ்டர் ஒட்டப்படும். அடுத்த வருஷ மாணவரின் பணத்தில் இந்த வருஷ ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிவிட்டால், சேர்க்கை ஒரு வருஷம் குறைந்தால் போதும், எல்லாம் நின்றுவிடும்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2025 ஜனவரியில் நொய்டா, காசியாபாத் உள்ளிட்ட வட இந்திய நகரங்களில் ஃபிட்ஜீ பயிற்சி மையங்கள் திடீரென மூடப்பட்டன. சம்பளம் வராமல் ஆசிரியர்கள் விலகியதாகச் செய்திகள் வந்தன. வருஷக்கணக்கான கட்டணத்தை முன்கூட்டியே கட்டியிருந்த பெற்றோர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். பைஜூஸ் கதை வேறு ரகம். 2020-21 நிதியாண்டின் கணக்கை அந்த நிறுவனம் 2022 செப்டம்பரில்தான் வெளியிட்டது. பல வருஷப் பாடத்துக்கான கட்டணத்தை, பாடம் நடக்கும் காலம் முழுவதற்கும் பரப்பிக் காட்டும் முறைக்கு மாறியதால், வருமானத்தில் பெரும் பங்கு பின்வரும் ஆண்டுகளுக்குத் தள்ளிப்போனது. அந்த ஆண்டு காட்டிய நஷ்டம் 4,588 கோடி ரூபாய். நஷ்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பீஸை எந்த மாதத்தில் வருமானம் என்று எழுதுவது என்ற கேள்வி, மாடி டியூஷனுக்கும் அந்த நிறுவனத்துக்கும் ஒன்றேதான்.

அதற்கு விடை புதிதுமல்ல. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட கணக்கியல் தரநிலை 9, தன் பிற்சேர்க்கையில் கல்விக் கட்டணத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: பாடம் நடத்தப்படும் காலம் முழுவதிலும் பரப்பி அதை வருமானமாகக் காட்ட வேண்டும்.

எழுதும் விதம் எளிது. அக்டோபரில் பணம் வந்ததும் வங்கிக் கணக்கில் 10,20,000 பற்று. எதிர்ப்பக்கத்தில் ‘கட்டண வருமானம்’ என்ற பேரேட்டுக்குள் ஒரு பைசாவும் போகாது. ‘முன்கூட்டிப் பெற்ற கட்டணம்’ என்ற கணக்கில் 9,60,000 வரவு, ‘மாணவர் கேஷன் டெபாசிட்’ என்ற கணக்கில் 60,000 வரவு. டேலியில் இந்த இரண்டு லெட்ஜரையும் நடப்புப் பொறுப்புகள் என்ற தொகுப்பின் கீழ் திறக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரே ஒரு ஜர்னல் பதிவு: முன்கூட்டிப் பெற்ற கட்டணம் பற்று 80,000, கட்டண வருமானம் வரவு 80,000. செப்டம்பர் பதிவு போட்டதும் அந்தக் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். வராவிட்டால் எங்கோ தவறு. யாரோ பாதியில் நின்றதை எழுதவில்லை, அல்லது புது பேட்ச் பணம் பழைய கணக்கில் கலந்துவிட்டது.

பள்ளிகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பிப்ரவரி, மார்ச்சில் அடுத்த கல்வியாண்டுக்கு அட்மிஷன் போட்டு, முதல் டேர்ம் பீஸையும் வாங்கிவிடுகிறார்கள். வகுப்பு தொடங்குவதோ ஜூனில். மார்ச் 31 அன்று அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அந்த வருஷத்து வருமானம் இல்லை. முழுவதும் இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புப் பக்கத்தில் நிற்க வேண்டியது.

மாணவர் பாதியில் நின்றால்தான் இந்த எழுத்துமுறையின் பயன் புரியும். நம் சென்டரில் மார்ச் கடைசியில் இருவர் வேலை கிடைத்துப் போகிறார்கள் என்று கொள்வோம். நடக்காத ஆறு மாதத்துக்கு ஆளுக்கு 12,000, டெபாசிட் 1,500. இருவருக்குமாக 27,000 திருப்பித் தர வேண்டும். முழுப் பணத்தையும் வருமானம் என்று எழுதி வைத்தவருக்கு இது எதிர்பாராத செலவு, மனசே வராது. சரியாக எழுதியவருக்கு ஏற்கெனவே கொடுக்க வேண்டியதாக நிற்கும் தொகை குறைகிறது, அவ்வளவே. அவருடைய 30,000 ரூபாய் லாபத்தில் கை வைக்கப்படவில்லை.

‘கட்டிய பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டுதல்கள் வேறு மாதிரி சொல்கின்றன. முழுக் கட்டணம் கட்டியவர் நடுவில் விலகினால், மீதிக் காலத்துக்குரிய பணத்தைப் பத்து நாளுக்குள் விகிதப்படி திருப்பித் தர வேண்டும். இது வழிகாட்டுதல்தான். சட்டமாக்கி நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் வாதாடும் பெற்றோருக்குக் கையில் பிடிக்க ஒரு கொம்பு.

அதற்கும் முன்பே, 2003-இல் இஸ்லாமிய அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தொழிற்கல்லூரிகளுக்கு ஒரு வழி சொன்னது. ஒரு செமஸ்டர் அல்லது ஒரு வருஷக் கட்டணத்துக்கு மேல் முன்கூட்டி வாங்கியிருந்தால், அந்தந்தக் காலத்துக்குரியதை மட்டும் எடுத்துச் செலவழிக்கலாம். மீதி தேசிய வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் அதன் வட்டி மாணவருக்குப் போக வேண்டும். டியூஷன் சென்டருக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் வழக்கமாகப் பின்பற்றத் தக்க முறை. நம் உரிமையாளர் அக்டோபரிலேயே இரண்டாம் பாதிக்குரிய 4,80,000-ஐ ஆறு மாத வைப்பில் போட்டிருந்தால், ஸ்மார்ட் போர்டு ஆசை தானாக அடங்கியிருக்கும்.

ஜி.எஸ்.டி.யில் ஒரு விநோதம் இருக்கிறது. மேல்நிலை வரையிலான பள்ளிக் கல்விக்கு இந்த வரி இல்லை. தனியார் பயிற்சி மையத்துக்கு உண்டு, 18 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் சென்டர் பதிவு செய்தாக வேண்டும். சேவைக்கு அட்வான்ஸ் வாங்கினால், வாங்கிய மாதத்திலேயே வரி கட்ட வேண்டும், பாடம் நடந்ததா இல்லையா என்ற கேள்வி கிடையாது. அதாவது வருமானம் பன்னிரண்டு மாதத்துக்குப் பரவும், 24,000 மீதான 4,320 ரூபாய் வரி மட்டும் ஒரேயடியாகப் போய்விடும். டெபாசிட் அப்படியல்ல. திருப்பித் தர வேண்டிய வைப்புத் தொகைக்கு வரி இல்லை. பாக்கிக் கட்டணத்துக்கோ தொலைத்த புத்தகத்துக்கோ அதில் பிடித்துக்கொள்ளும்போதுதான் அது சேவைக்கான தொகையா என்ற கேள்வி எழும். இதனால்தான் ரசீது எழுதும் மேஜையில் கவனம் தேவை. ‘சேர்க்கை: 25,500’ என்று ஒரே வரியில் எழுதினால், எது கட்டணம், எது டெபாசிட் என்று பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது.

வருமான வரிக்கு ரொக்க முறையில் கணக்கு வைக்கத் தனிநபர் உரிமையாளருக்கு அனுமதி உண்டு. அப்போது வாங்கிய வருஷத்திலேயே பீஸுக்கு வரி. ஆனால் அந்த முறையிலும் டெபாசிட் வருமானமாகாது. அது கடனாகவே நிற்கும்.

அந்தக் கடன்தான் பல இடங்களில் மறக்கப்படுகிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அவசரத்தில் பெற்றோர் டெபாசிட்டைக் கேட்பதில்லை. பள்ளியும் நினைவூட்டுவதில்லை. டெல்லி கல்வி இயக்ககம் தனியார் பள்ளிகளுக்கு இந்தத் தொகையை 500 ரூபாய்க்குள் நிறுத்தி, வங்கியில் போட்டு, பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்போது வட்டியுடன் தரச் சொல்லியிருக்கிறது. மற்ற இடங்களில் பத்து வருஷப் பாக்கி ஒரே தொகையாகப் பேரேட்டில் தூங்கும். அதற்கு நேரான மாணவர் பட்டியல் எங்கே என்று தணிக்கையாளர் கேட்டால் யாரிடமும் இருக்காது. பேரேட்டு இருப்பும் பெயர் வாரியான பதிவேட்டின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் இதற்கு முதல் சோதனை.

யாரும் கேட்காத டெபாசிட்டை ஒருநாள் வருமானத்துக்கு மாற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும்? மதுரையில் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தின் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. வியாபாரத்தின்போது வாடிக்கையாளரிடம் வாங்கிய தொகைகளை யாரும் கேட்கவில்லை என்று நிறுவனம் தன் லாபக் கணக்குக்குக் கொண்டுபோயிருந்தது. வாங்கியபோது அது வருமானம் இல்லைதான், நாளடைவில் நிறுவனத்தின் சொந்தப் பணமாகிவிட்டதால் இப்போது வரி உண்டு என்றது நீதிமன்றம். ஆகவே அந்தப் பதிவைப் போடுகிறவர் அந்த ஆண்டே வரிக்கும் ஒதுக்க வேண்டும். அதைவிடச் சுலபமான வழி, சேர்க்கைப் படிவத்திலேயே பெற்றோரின் வங்கிக் கணக்கு எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, சான்றிதழில் கையெழுத்திடும் நாளிலேயே அந்த 1,500 ரூபாயை அனுப்பிவிடுவது.